ஓ.டி. அனுமதித் தணிக்கை: டைம் ஆபீசில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கான வழிகாட்டி

மணலியில் பிளாஸ்டிக் கேன்களும் மூடிகளும் செய்யும் ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீசில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். அங்கே மாதாமாதம் 26ஆம் தேதி காலையில் ஓ.டி. சீட்டுகள் கட்டுக்கட்டாக மேசைக்கு வரும். எல்லாவற்றிலும் கையெழுத்து இருக்கும், துறைத் தலைவரின் முத்திரையும் இருக்கும். சீட்டில் உள்ள மணி நேரத்தைக் கூட்டிச் சம்பளப் பிரிவுக்கு அனுப்பிவிடுவோம். அனுமதி இல்லாமல் ஒரு மணி நேரம்கூட ஓ.டி. நடக்கவில்லை என்று மேலிடத்துக்கு அறிக்கையும் போகும். பொய் என்று தெரிந்து யாரும் அதை எழுதவில்லை. அனுமதி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, அது எப்போது தரப்பட்டது என்று பார்க்காமல் விட்டதுதான் எங்கள் தவறு. வேலை முடிந்து பத்து நாள் கழித்து வாங்கிய கையெழுத்தை அனுமதி என்று சொல்ல முடியாது. நடந்ததை ஒப்புக்கொண்டதற்கான அடையாளமாக மட்டுமே அதை வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கட்டுரை அந்த ஒரு வேறுபாட்டை மையமாக வைத்து, ஒரு காலாண்டின் ஓ.டி. பதிவுகளை எப்படிச் சரிபார்ப்பது, அதிலிருந்து எந்தக் குழுவுக்கு உண்மையிலேயே தொடர்ந்து கூடுதல் நேரம் தேவைப்படுகிறது என்று எப்படிக் கண்டறிவது என்பதை விளக்குகிறது. எடுத்துக்காட்டு அந்தத் தொழிற்சாலையில் நான் பார்த்ததே. எண்களை மட்டும் அடையாளம் தெரியாதபடி சற்று மாற்றியிருக்கிறேன்.

தொடங்கும் முன் ஒரு விதி

அனுமதி இல்லாமல் நடந்த ஓ.டி.யைக் கண்டுபிடித்தால், அந்த நேரத்துக்கான கூலியை வெட்டலாம் என்று நினைக்காதீர்கள். மேற்பார்வையாளர் சொல்லி, அவர் கண் முன்னாலேயே தொழிலாளி வேலை செய்திருந்தால், சீட்டு எழுதாதது தொழிலாளியின் குற்றம் ஆகாது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் அதன் 59ஆம் பிரிவில் கூடுதல் நேரத்துக்குச் சாதாரணக் கூலியைப் போல் இரண்டு மடங்கு தர வேண்டும் என்று சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் இரண்டு மடங்கு என்பது மாறவில்லை, ஓ.டி. பார்க்கத் தொழிலாளியின் சம்மதமும் வேண்டும் என்பது அதோடு சேர்ந்திருக்கிறது. ஆகவே வேலை செய்த நேரத்துக்குக் கூலி போயே தீர வேண்டும். அனுமதி ஏன் வாங்கவில்லை என்ற கேள்வியை மேற்பார்வையாளரிடமும் துறைத் தலைவரிடமும் தனியாகக் கேட்க வேண்டும். இரண்டையும் கலந்துவிட்டால், தணிக்கை தொடங்கிய மறுமாதமே தொழிலாளர்கள் டைம் ஆபீசுக்கு உண்மையைச் சொல்வதை நிறுத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு உங்கள் கையில் இருப்பது வெறும் காகிதம்தான்.

முதல் வேலை: மூன்று பதிவுகளைச் சேர்ப்பது

உங்களுக்கு வேண்டியவை மூன்று. பஞ்ச் மெஷினிலிருந்து எடுத்த வருகைப் பதிவு, ஓ.டி. அனுமதிச் சீட்டுகள், சம்பளப் பிரிவு உண்மையில் கொடுத்த ஓ.டி. மணி நேரம். மூன்றும் ஒரே காலாண்டுக்கு உரியவையாக இருக்கட்டும். பழைய சட்டம் ஓ.டி. வரம்பை ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் தொடங்கும் காலாண்டுகளாகவே கணக்கிட்டது. அதே எல்லையை வைத்துக்கொண்டால் பின்னால் வரம்பைச் சரிபார்ப்பது எளிது. முதல் தணிக்கைக்கு அக்டோபர் – டிசம்பர் காலாண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பது என் சொந்தக் கருத்து. மணலியிலும் எண்ணூரிலும் மழைத் தண்ணீர் நிற்கும் வாரங்களில் ஆள் வராததும், வந்தவர்கள் டபுள் ஷிப்ட் பார்ப்பதும் வழக்கம். அந்தக் காலாண்டின் கணக்கைப் பார்த்தால் எல்லாக் குழுவுமே ஓ.டி. இல்லாமல் நடக்காது என்பது போலத் தோன்றும்.

வருகைப் பதிவை எக்செலில் இப்படி அடுக்குங்கள்: A நெடுவரிசையில் பணியாளர் எண், B-யில் ஷிப்ட் தொடங்கிய தேதி, C-யில் குழு, D-யில் ஷிப்ட் முடிய வேண்டிய தேதியும் நேரமும், E-யில் வெளியே பஞ்ச் செய்த தேதியும் நேரமும். D, E இரண்டிலும் தேதியும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பி ஷிப்ட் இரவு 10 மணிக்கு முடிகிறது. ஆள் இரவு 1.10க்கு வெளியே போகிறார். நேரத்தை மட்டும் வைத்துக் கழித்தால் 1.10-லிருந்து 22.00 போய் எதிர்மறை எண் வரும், கீழே உள்ள சூத்திரம் அதைப் பூஜ்யமாக்கிவிடும், மூன்று மணி நேர ஓ.டி. கண்ணுக்குத் தெரியாமல் காணாமல் போகும். எங்கள் முதல் முயற்சியில் பி ஷிப்டில் ஓ.டி.யே இல்லை என்று வந்தது இதனால்தான்.

```
=MAX(0,ROUND((E2-D2)*1440,0))
```

இது F நெடுவரிசை. ஷிப்ட் முடிந்தபின் உள்ளே இருந்த நிமிடங்களைத் தரும். ஷிப்டுக்கு முன்னதாக வரச் சொல்லி வேலை வாங்கும் பழக்கம் உங்கள் இடத்தில் இருந்தால், உள்ளே வந்த நேரத்தையும் இதேபோல் தனியாகக் கணக்கிடுங்கள். எங்கள் இடத்தில் அது பராமரிப்புக் குழுவில் மட்டும் இருந்தது.

அடுத்து, அனுமதிச் சீட்டுகளை `Approval` என்ற பெயரில் வேறொரு தாளில் ஏற்றுங்கள். அதில் A பணியாளர் எண், B ஷிப்ட் தேதி, C காரணம், D அனுமதித்த நிமிடங்கள், E அனுமதி தரப்பட்ட தேதியும் நேரமும். இங்கேயும் நள்ளிரவுச் சிக்கல் உண்டு. 13ஆம் தேதி பி ஷிப்டில் நடந்த ஓ.டி.க்கு, நள்ளிரவு தாண்டிவிட்டது என்று 14ஆம் தேதி போட்டுச் சீட்டு எழுதுவார்கள். ஷிப்ட் தொடங்கிய தேதிக்கு மாற்றாமல் விட்டால், 13இல் அனுமதி இல்லாத ஓ.டி. ஒன்றும் 14இல் வேலை நடக்காத அனுமதி ஒன்றும் என இரண்டு பொய்யான குறைகள் கிடைக்கும்.

காகிதச் சீட்டு என்றால் பெரும்பாலும் தேதி மட்டுமே இருக்கும், நேரம் இருக்காது. அப்படியானால் கடந்த காலாண்டைத் தேதி அளவில் மட்டுமே தணிக்கை செய்ய முடியும். அடுத்த மாதத்துச் சீட்டிலிருந்து கையெழுத்துக்குப் பக்கத்தில் நேரம் எழுதும் கட்டம் ஒன்றை அச்சடித்துவிடுங்கள். மென்பொருளில் அனுமதி தருவதாக இருந்தால், விண்ணப்பித்த நேரம், அனுமதித்த நேரம் என இரண்டு இருக்கும். இரண்டாவதையே எடுங்கள். மேற்பார்வையாளர் மாலையில் விண்ணப்பித்துவிட்டார் என்பதாலேயே அனுமதி கிடைத்துவிட்டதாக ஆகாது.

அதன்பின் வருகைத் தாளில் G, H, I நெடுவரிசைகள்:

```
=SUMIFS(Approval!D:D,Approval!A:A,A2,Approval!B:B,B2)
=MAXIFS(Approval!E:E,Approval!A:A,A2,Approval!B:B,B2)
=IF(H2=0,"NONE",IF(H2<=D2,"BEFORE","AFTER"))
```

முதலாவது அனுமதித்த நிமிடங்களைக் கூட்டும். இரண்டாவது அனுமதி நேரத்தைக் கொண்டுவரும். ஒரே நாளுக்கு இரண்டு சீட்டு இருந்தால் கடைசியாகத் தரப்பட்டதை எடுக்கும், ஏனென்றால் முன்கூட்டி ஒரு மணி நேரம் வாங்கிவிட்டு மறுநாள் இரண்டு மணி நேரம் சேர்ப்பதுதான் வழக்கமான தந்திரம். மூன்றாவது, அனுமதி ஷிப்ட் முடிவதற்கு முன் வந்ததா, பின் வந்ததா, வரவே இல்லையா என்று சொல்லும். கடைசியாக J நெடுவரிசையில் F-லிருந்து G-ஐக் கழித்தால் அனுமதியை மீறிய நிமிடங்கள் கிடைக்கும்.

F-இல் 15 நிமிடத்துக்குக் கீழே உள்ளவற்றைத் தனியாக ஒதுக்குங்கள், அழிக்காதீர்கள். கை கழுவி, உடை மாற்றி, கம்பெனி பஸ் கிளம்பும்வரை நிற்பவர்கள் அதில் இருப்பார்கள். ஆனால் ஒரே குழுவில் தினமும் 12, 13 நிமிடம் என்று வந்தால், ஷிப்ட் மாறும்போது அடுத்தவரிடம் மெஷினை ஒப்படைக்கும் நேரம் அது என்று பொருள், அதுவும் வேலைதான்.

ஒரு வரியை முழுமையாகப் பார்ப்போம்

டிஸ்பாட்ச் குழுவில் ஒருவர், 2025 பிப்ரவரி 13, வியாழக்கிழமை, பி ஷிப்ட். D-இல் 13-02-2025 22:00, E-இல் 14-02-2025 01:10. F 190 நிமிடம் என்று காட்டியது. சீட்டில் அனுமதித்தது 120 நிமிடம். அனுமதி நேரம் மறுநாள் காலை 11.40. ஆகவே I நெடுவரிசை AFTER என்றது, J 70 நிமிடம் என்றது. சம்பளப் பிரிவில் கேட்டால், சீட்டில் உள்ளபடி 2 மணி நேரத்துக்கே பணம் கொடுத்திருந்தார்கள்.

இந்த ஒரு வரியில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. முதலாவது, அனுமதி வேலைக்குப் பின் வந்தது. இரண்டாவது, 70 நிமிடத்துக்குக் கூலி போகவில்லை. அவருடைய அடிப்படைச் சம்பளமும் படியும் சேர்ந்து 18,200 ரூபாய். எங்கள் நிறுவனம் 26 நாளாலும் 8 மணி நேரத்தாலும் வகுக்கும். மணிக்கு 87.50, இரண்டு மடங்கு 175 ரூபாய். 70 நிமிடத்துக்கு 204 ரூபாய் 17 காசு பாக்கி. தொகை சிறிதுதான், ஆனால் ஓ.டி. செலவைக் குறைக்கப் போன தணிக்கை, நாங்கள் கடன்பட்டிருக்கிறோம் என்று காட்டியது. அந்தக் காலாண்டில் இப்படி விட்டுப்போனவை எல்லாவற்றையும் அடுத்த மாதச் சம்பளத்தில் சேர்த்துக் கொடுத்தோம். சீட்டின்படி மட்டும் பணம் தரும் எல்லா இடங்களிலும் இது இருக்கும், தேடிப் பாருங்கள்.

மூன்றாவதை நான் முதலில் கவனிக்கவில்லை. மதியம் 2 மணியிலிருந்து இரவு 1.10 வரை 11 மணி 10 நிமிடம். அரை மணி நேர இடைவேளையைக் கழித்தாலும் 10 மணி 40 நிமிட வேலை. 1948 சட்டத்தின் 64ஆம் பிரிவு தந்த விலக்கின்கீழ்கூட ஓ.டி.யும் சேர்த்து ஒரு நாளில் 10 மணி நேரத்தையும், வாரத்தில் 60 மணி நேரத்தையும், காலாண்டு ஓ.டி. 50 மணி நேரத்தையும் தாண்டக்கூடாது என்றுதான் இருந்தது. அதாவது துறைத் தலைவர் முன்கூட்டியே கையெழுத்திட்டிருந்தாலும் அவர் தர முடியாத அனுமதி அது. இப்போது உங்கள் தொழிற்சாலைக்கு எந்த வரம்பு பொருந்தும் என்பதைச் சட்ட ஆலோசகரிடம் எழுத்தில் வாங்கி, அந்த எண்களைத் தாளின் மேலேயே எழுதி வையுங்கள். நினைவில் வைத்துத் தணிக்கை செய்யாதீர்கள்.

கையெழுத்துகளை எப்படிப் படிப்பது

எல்லா வரிகளும் நிரம்பியபின், AFTER என்று வந்தவற்றை மட்டும் வடிகட்டி அனுமதி நேரத்தின் வரிசையில் அடுக்குங்கள். எங்கள் தாளில் 25ஆம் தேதி மாலை 5 மணிக்கும் 5.20க்கும் நடுவில் ஒரே துறைத் தலைவர் அறுபதுக்கும் மேற்பட்ட சீட்டுகளை அனுமதித்திருந்தார். சம்பளக் கணக்கு முடியும் நாள் அது. இருபது நிமிடத்தில் அறுபது காரணங்களை யாரும் படித்திருக்க முடியாது.

மணி நேரம் முழு எண்ணாகவே வருகிறதா என்றும் பாருங்கள். பஞ்ச் 2 மணி 50 நிமிடம், 3 மணி 5 நிமிடம், 2 மணி 35 நிமிடம் என்று சிதறியிருக்க, சீட்டு எல்லாம் 3 மணி நேரம் என்றால், சீட்டை நினைவிலிருந்து எழுதியிருக்கிறார்கள். காரணக் கட்டத்தில் ‘அவசர வேலை’ என்று மட்டும் இருப்பது எந்தக் காரணமும் இல்லாததற்குச் சமம்.

ஆனால் AFTER என்று வந்த எல்லாமே குற்றம் அல்ல. இரவு 9.50க்கு மோல்டிங் மெஷினில் ஹைட்ராலிக் குழாய் வெடித்தால், பராமரிப்பு ஆள் சீட்டுக்காக ஓட முடியாது. அப்படிப்பட்டவற்றுக்குத் தொலைபேசியில் அனுமதி வாங்கி, மறுநாள் காலை 10 மணிக்குள் பதிய வேண்டும் என்று நாங்கள் விதி வைத்தோம். இத்தகைய சீட்டை மெஷின் பழுதுப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். அதே இரவு, அதே மெஷின் அங்கே இருந்தால் அந்த ஓ.டி. நியாயமானது. பதிவேட்டில் இல்லை என்றால் கேளுங்கள்.

ஒப்பந்தத் தொழிலாளர்களை மறக்க வேண்டாம். கம்பெனி ஆட்களின் ஓ.டி.யை இறுக்கிப் பிடித்தால் அது சத்தமில்லாமல் ஒப்பந்தக்காரரின் மஸ்டருக்கு நகர்ந்துவிடும். அந்தப் பதிவையும் இதே தாளில் சேர்க்காவிட்டால் குறைந்தது போலத் தெரியும், குறைந்திருக்காது.

எந்தக் குழுவுக்குத் தொடர்ந்து தேவைப்படுகிறது

புதிதாக வருபவர்கள் பொதுவாகச் செய்வது, குழுவாரியாக மொத்த மணி நேரத்தைக் கூட்டி முதலிடத்தில் இருப்பவரைக் கூப்பிட்டுக் கேட்பது. ஜனவரி – மார்ச் காலாண்டில் எங்களிடம் மோல்டிங் குழு 520 மணி நேரம், டிஸ்பாட்ச் குழு 486 மணி நேரம். மோல்டிங் தலைவரைத்தான் முதலில் கூப்பிட்டோம். அவர் கோபப்பட்டது நியாயம்.

மொத்தம் எவ்வளவு என்பதற்கு முன், எத்தனை வாரங்களில் நடந்தது என்று பாருங்கள். வார எண்ணுக்கு `=ISOWEEKNUM(B2)` என்று ஒரு நெடுவரிசை சேர்த்து, பிவட் டேபிளில் குழுவை வரிசையிலும் வாரத்தை நெடுவரிசையிலும் வையுங்கள். 2025 மார்ச் 31 இந்த முறையில் 14ஆவது வாரமாக வரும். அன்று ரம்ஜான் விடுமுறை என்பதால் அதை விட்டுவிட்டு 13 வாரங்களை எடுத்துக்கொண்டோம். மோல்டிங்கின் 520 மணி நேரத்தில் 390 மணி நேரம் பிப்ரவரியில் இரண்டே வாரங்களில் நடந்திருந்தது. ஒரு மோல்டு உடைந்து, பழுது பார்த்து, தேங்கிய ஆர்டரை முடித்த வாரங்கள் அவை. மற்ற வாரங்களில் அங்கொன்றும் இங்கொன்றும்தான். டிஸ்பாட்சோ 13 வாரங்களில் 12இல் ஓ.டி. பார்த்திருந்தது. விடுபட்ட ஒரு வாரம் பொங்கல்.

இரண்டு வாரம் உயர்ந்து இறங்குவதற்குப் பெயர் விபத்து, அதற்கு ஓ.டி.தான் சரியான மருந்து. 12 வாரம் தொடர்ந்து இருந்தால் வேலையின் அமைப்பிலேயே ஏதோ பொருந்தவில்லை. எத்தனை வாரம் என்றால் தொடர்ச்சி என்று எடுத்துக்கொள்வது என்று கேட்பார்கள். 13இல் 9 அல்லது அதற்கு மேல் என்று நான் வைத்துக்கொள்வேன். அதற்குச் சட்டமோ கணிதமோ இல்லை, அனுபவத்தில் ஒத்துவந்தது, அவ்வளவுதான்.

அதன்பின் குழுவுக்குள் ஆள்வாரியாகப் பிரியுங்கள். டிஸ்பாட்சில் 14 பேர். சராசரி 35 மணி நேரத்துக்குக் கீழே, எல்லாம் வரம்புக்குள் என்று தோன்றும். ஆனால் மூன்று பேர் மட்டும் 50 மணி நேரத்தைத் தாண்டியிருந்தார்கள், ஒருவர் 68. சராசரியைப் பார்த்துத் திருப்தி அடைந்திருந்தால் அவர்கள் மறைந்தே போயிருப்பார்கள்.

காரணத்தைத் தேடிக் கேட்டுக்குப் போவது

தொடர்ந்து ஓ.டி. பார்க்கும் குழு கிடைத்ததும், காரணத்தைச் சீட்டில் தேடாதீர்கள். அந்தக் குழுவின் வேலை எதற்காகக் காத்திருக்கிறது என்று பாருங்கள். டிஸ்பாட்ச் மேற்பார்வையாளரிடம் கேட்டபோது அவர் சொன்னது: “சார், வண்டியே எட்டு மணிக்கு மேலதான் வருது. பத்து மணிக்குப் பாதி லோடுல ஆளை வீட்டுக்கு அனுப்பிட்டு, கண்டெய்னரைத் தொறந்தே போட்டு வைக்கவா சார்?”

அவர் சொன்னதை நம்பலாம், ஆனால் சரிபார்க்கவும் வேண்டும். செக்யூரிட்டியின் கேட் ரெஜிஸ்டரில் ஒவ்வொரு லாரியும் உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம், வண்டி எண் எல்லாம் இருக்கும். காலாண்டில் டிஸ்பாட்ச் ஓ.டி. பார்த்த மாலைகள் 41. அவற்றில் 33 மாலைகளில் கண்டெய்னர் லாரி இரவு 7.30க்குப் பிறகே உள்ளே வந்திருந்தது. எங்கள் கேன்களைக் கையால்தான் அடுக்க வேண்டும், ஒரு கண்டெய்னருக்கு நான்கு பேர் இரண்டரையிலிருந்து மூன்றரை மணி நேரம் பிடிக்கும், 8.30க்கு வந்த வண்டி 10 மணிக்கு முடிய வழியே இல்லை. லாரி ஏன் தாமதம் என்பது இந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்குப் புதிதல்ல. காலையில் ஒரு பெட்டியைத் துறைமுகத்தில் இறக்கப் போன வண்டி, எண்ணூர் நெடுஞ்சாலை வரிசையில் நின்று, இறக்கி, யார்டில் காலிப் பெட்டியை ஏற்றிக்கொண்டு வருவதற்குள் இருட்டிவிடும். டிரான்ஸ்போர்ட்காரரிடம் கத்தி அந்த வரிசையைக் குறைக்க முடியாது.

மீதி 8 மாலைகள்தான் உண்மையில் கேள்விக்குரியவை. அவற்றில் வண்டி நேரத்துக்கு வந்திருந்தது, ஆனால் சரக்கு பேக்கிங்கிலிருந்து தாமதமாக வந்தது ஐந்து முறை. மூன்று முறை எந்தக் காரணமும் கிடைக்கவில்லை. 486 மணி நேரத்தையும் சந்தேகப்பட்டுத் தொடங்கிய எங்களிடம் கடைசியில் விசாரிக்க மிஞ்சியவை அந்த மூன்று மாலைகள்.

தீர்வாக, பி ஷிப்டில் நான்கு பேரை மட்டும் மதியம் 2 மணிக்குப் பதில் மாலை 4 மணிக்கு வரச் சொல்லி, நள்ளிரவு 12 மணிக்கு முடிக்கும்படி மாற்றினோம். வாராவாரம் சுழற்சி. பேசும்போதே ஒரு சிக்கல் வந்தது: 10 மணிக்குக் கம்பெனி பஸ்ஸில் திருவொற்றியூருக்கும் மாத்தூருக்கும் போகிறவர்கள் 12 மணிக்கு எதில் போவார்கள்? ஒரு வேனுக்கு ஏற்பாடு செய்தபின்தான் சம்மதித்தார்கள். வேன் செலவைக் கழித்தும் மிச்சம் இருந்தது. இன்னொரு பேச்சும் இருந்தது, அதை மறைப்பது நேர்மை ஆகாது: ஓ.டி. பணத்தை நம்பிச் சீட்டுக் கட்டி வந்த இருவருக்கு இந்த மாற்றம் இழப்பு. அதை முன்கூட்டியே சொல்லி, எந்த மாதத்திலிருந்து என்று தேதி கொடுத்துச் செய்தோம். சொல்லாமல் செய்திருந்தால் அந்த இருவர் மட்டுமல்ல, குழுவே முகம் சுளித்திருக்கும்.

அனுமதியில்லாத நேரத்தைத் தொடங்கும்போதே பிடிப்பது

பழையதைத் தணிக்கை செய்வது ஒரு பாதி. மறு பாதி, அன்றன்றைக்கே பிடிப்பது. நாங்கள் செய்தது சிறிய ஏற்பாடுதான். பி ஷிப்டுக்கான ஓ.டி. பட்டியல் இரவு 8.30க்குள் அனுமதியாகி, அதன் ஒரு பிரதி செக்யூரிட்டி மேசைக்குப் போய்விடும். 10.20க்குப் பஞ்ச் மெஷினில் இன்னும் வெளியேறாதவர்களின் பட்டியலைச் செக்யூரிட்டி பார்ப்பார். அனுமதிப் பட்டியலில் இல்லாதவர் உள்ளே இருந்தால் ஷிப்ட் பொறுப்பாளரை அழைத்து, ஒன்று அந்த ஆளை அனுப்பச் சொல்வார், இல்லையென்றால் அதே நேரத்தில் அனுமதி வாங்கச் சொல்வார். ஆளைப் பிடித்து வெளியே தள்ளும் அதிகாரம் அவருக்கு இல்லை, இருக்கவும் கூடாது. வாரக் கடைசியில் குழுவாரியாக மூன்று எண்கள் துறைத் தலைவருக்குப் போகும்: முன் அனுமதி, பின் அனுமதி, அனுமதி இல்லை. மாதக் கடைசிவரை காத்திருந்தால் காரணம் யாருக்கும் நினைவிருக்காது.

ஒரு வழியை மட்டும் கையாள வேண்டாம். அனுமதி இல்லாதவர்களுக்கு 10 மணிக்கு மேல் பஞ்ச் மெஷின் நேரத்தை ஏற்காதபடி பூட்டிவிடலாம் என்று ஒரு யோசனை வந்து, இரண்டு வாரம் செய்தும் பார்த்தோம். அனுமதியில்லாத ஓ.டி. பூஜ்யம் ஆனது. எனக்குச் சந்தேகம் வந்தது ஈ-வே பில்லைப் பார்த்தபோதுதான். 10.02க்கு வெளியே பஞ்ச் செய்திருந்த டிஸ்பாட்ச் எழுத்தரின் லாகினில் 11.20க்கு ஒரு பில் உருவாகியிருந்தது. எடைமேடைச் சீட்டு 11.05. லாரி கேட்டை விட்டு வெளியேறியது 11.35. ஐந்து பேர் பஞ்ச் செய்துவிட்டுத் திரும்பி வந்து வேலை செய்திருக்கிறார்கள், பதிவே இல்லாமல். அந்த நேரத்தில் ஒருவர் கையில் அடிபட்டிருந்தால், அவர் உள்ளே இருந்ததற்கே நம்மிடம் சான்று இருக்காது. மறுநாளே பூட்டை எடுத்தோம். உங்கள் எண்கள் திடீரென்று நன்றாகிவிட்டால், பஞ்ச் பதிவுக்கு வெளியே உள்ள நேரங்களை, அதாவது ஈ-வே பில், எடைச்சீட்டு, ஃபோர்க்லிஃப்ட் சாவிப் பதிவேடு, லாரி வெளியேறிய நேரம் ஆகியவற்றில் ஒன்றிரண்டை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஷிப்ட் மாற்றியபின் வந்த ஏப்ரல் – ஜூன் காலாண்டில் டிஸ்பாட்ச் ஓ.டி. 486-லிருந்து 150 மணி நேரமாக இறங்கியது, வாரங்கள் 12-லிருந்து 7 ஆயின, 50 மணி நேரத்தைத் தாண்டியவர் யாரும் இல்லை. மிச்சம் இருந்ததில் பெரும்பகுதி பேக்கிங்கிலிருந்து சரக்கு தாமதமாக வந்த மாலைகள். அதனால் அடுத்த காலாண்டுக்கு நாங்கள் முதலில் திறந்தது பேக்கிங் குழுவின் தாளை.